கேட்டே தட்டச்சு செய்யும்படி நிரலைச் சொல்வது

புரோகிராமிங் சொல்லித்தரும் வீடியோவைப் பார்ப்பவரின் கண் பாதி நேரம் தன் எடிட்டரில்தான் இருக்கும். அப்போது நிரல் அவரிடம் காது வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. அதனால் ஒவ்வொரு வரியையும் வாயால் எப்படிச் சொல்லப் போகிறோம் என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பைத்தானில் அடிக்கடி வரும் இரண்டு வரிகளைப் பார்ப்போம்.

```python
if __name__ == "__main__":
    main()
```

திரையில் இரண்டு அண்டர்ஸ்கோர்கள் ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கோடாகத் தெரியும். ஃபிரா கோட் போன்ற எழுத்துருக்களில் இரண்டு சமக்குறிகளும் இணைந்தே தோன்றும். வெறுமனே "அண்டர்ஸ்கோர் நேம்" என்று சொன்னால், கேட்பவர் பக்கத்துக்கு ஒன்றுதான் போடுவார். இடப்பக்கம் `_name_` என்று அடித்தால் `NameError` வந்து காட்டிக்கொடுத்துவிடும். வலப்பக்கம் `"_main_"` என்று அடித்தால் பிழைச் செய்தியே வராது. நிரல் ஓடி முடியும், `main()` மட்டும் ஓடியிருக்காது. தவறு எங்கே என்று தெரியாமல் அவர் திண்டாடுவார்.

ஆகவே முதலில் வேலையைச் சொல்லுங்கள்: "இந்த ஃபைலை நேரடியாக ஓட்டினால் மட்டும் மெயின் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம்." அடுத்து குறிகளைச் சொல்லுங்கள்: "இஃப், இரண்டு அண்டர்ஸ்கோர், நேம், மறுபடி இரண்டு அண்டர்ஸ்கோர். ஈக்வல் குறி இரண்டு தடவை. டபுள் கோட்ஸுக்குள் இரண்டு அண்டர்ஸ்கோர், மெயின், இரண்டு அண்டர்ஸ்கோர். கடைசியில் கோலன். அடுத்த வரி நான்கு ஸ்பேஸ் தள்ளி, மெயின், பக்கத்தில் வெறும் பிராக்கெட்."

இந்த விவரமெல்லாம் முதல் தடவைக்கு மட்டும் போதும். பைத்தான்காரர்கள் இதை "டண்டர் நேம்" என்பார்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு அந்தப் பெயரே போதும். ஒவ்வொரு தடவையும் எல்லாக் குறிகளையும் ஒப்பித்தால் வரியின் பொருள் காதில் தங்காது.

மெனுவைச் சொல்லும்போது "இங்கே கிளிக் பண்ணுங்க" என்பது உதவாது. இடத்தை முதலில் சொல்லி, பிறகு திரையில் உள்ள பெயரை அப்படியே சொல்ல வேண்டும். விண்டோஸில் விஎஸ் கோட் என்றால், "மேலே இடது ஓரம் ஃபைல், அதற்குள் பிரிஃபரன்சஸ், அதற்குள் செட்டிங்ஸ்." ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் மெனு விரியும்வரை நிறுத்துங்கள். மேக்கில் வழி வேறு என்பதால், எந்தக் கணினி என்பதையும் சொல்லிவிடுங்கள். `Ctrl+,` என்ற குறுக்குவழியை "கண்ட்ரோல் ப்ளஸ் கமா" என்றால் புதியவர் ப்ளஸ் விசையையும் அழுத்துவார். "கண்ட்ரோலை அழுத்திப் பிடித்தபடி கமா" என்றால் குழப்பம் வராது.

பதிவு முடிந்ததும், வீடியோவைப் பார்க்காத ஒருவரிடம் ஒலியை மட்டும் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அவர் எந்தக் குறியில் கை நிறுத்திக் கேட்கிறாரோ, அந்த இடத்தை மட்டும் மறுபடி பேசிப் பதிவு செய்தால் போதும்.