சருகில் மறைந்திருக்கும் குழிவிரியன்: கடித்தால் கயிறு கட்டாதீர்

கெடா, பெர்லிஸ் வட்டாரத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய பாம்பு குழிவிரியன். மலாயில் இதை ‘ஊலார் காப்பாக் போடோ’ என்பார்கள். பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவான நீளம். பழுப்பு உடலில் கரிய முக்கோணப் பட்டைகள் இருப்பதால் காய்ந்த சருகோடு கலந்துவிடும். ஆள் அருகில் வந்தாலும் நகராது. மிதித்தாலோ கை பட்டாலோ கடிக்கும்.

அதிகாலை 5 மணிக்கு ஒருவரின் கணுக்காலில் இது கடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். உடன் இருப்பவர் முதலில் தேடுவது கயிறு அல்லது துண்டு. தவறு அங்கேதான் தொடங்குகிறது. இந்த விஷம் கடித்த இடத்தின் தசையை அழிக்கும். ரத்தம் உறைவதையும் தடுக்கும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலுக்குச் சேதம் கூடும். கத்தியால் கீறினால் ரத்தம் நிற்காது. வாயால் உறிஞ்சுவதால் பயனில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: பாம்பிடமிருந்து விலகி, கடிபட்டவரை உட்கார வையுங்கள். காலணி, கொலுசு, மோதிரங்களைக் கழற்றிவிடுங்கள். ஒரு குச்சியை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, காலை அசையாமல் வையுங்கள். வீக்கம் எட்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது வாகனத்தில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவரை நடக்க விடாதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின் கூடாது, அது ரத்தக்கசிவைக் கூட்டும். தூரத்திலிருந்து பாம்பைப் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். நாகத்துக்கும் குழிவிரியனுக்கும் மாற்று மருந்து வேறு என்பதால், அந்தப் படம் மருத்துவருக்கு உதவும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போக வேண்டாம்.

மருத்துவமனையில் சிறிது ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பதுண்டு. உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது. முதல் சோதனையில் உறைந்தாலும் வீட்டுக்குக் கிளம்ப அவசரப்படாதீர்கள். விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். அதனால்தான் குறைந்தது 24 மணி நேரம் கண்காணிக்கிறார்கள். ஈறில் ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் இன்னோர் ஆபத்து, மட்டைகளுக்கிடையே இருக்கும் குளவிக்கூடு. கூடு கலைந்தால் முகத்தை மூடிக்கொண்டு தூர ஓடுங்கள். உடலெங்கும் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத்திணறல் தோன்றினால் நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து; 999-ஐ அழையுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தால், தெம்பாக இருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வேலைக்குப் போகும்போது செருப்பைத் தவிர்த்து, முழங்காலை எட்டும் ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். நெற்றி விளக்கின் ஒளி காலடியில் விழட்டும். சருகையும் மட்டைக் குவியலையும் குச்சியால் விலக்கிய பிறகே கையை நீட்டுங்கள். மட்டையை வெட்டுமுன் குளவி பறக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.