இருப்பிடச் சான்று போதாது என்று பள்ளி மறுத்தால்

தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கச் சொல்வது கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு. 2009இல் இயற்றப்பட்ட இந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பிரிவு ‘அண்டைப் பகுதியில் உள்ள’ குழந்தைகள் என்றே சொல்கிறது. தமிழ்நாட்டின் விதிகள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அண்டைப் பகுதிக்கான தூரத்தை ஒரு கிலோமீட்டர் என வகுத்துள்ளன. நலிந்த பிரிவினருக்கான ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். வருமானச் சான்றை வாங்கிவிடும் பல பெற்றோர் தடுக்கி நிற்பது இருப்பிடச் சான்றில்தான்.

மேல்முறையீட்டின் போக்கைத் தீர்மானிப்பது சட்டத்தில் உள்ள ஒரு வேறுபாடு. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. இருப்பிடச் சான்றுக்கு அப்படி ஒரு வரி சட்டத்தில் இல்லை. ஆகவே ‘சான்றே கேட்கக் கூடாது’ என்று வாதிடும் மனு பெரும்பாலும் நிற்காது. ‘பிள்ளை இங்கேதான் வசிக்கிறது, இதோ ஆதாரம், பள்ளி அதைத் தவறாகப் பார்த்துவிட்டது’ என்று காட்டும் மனுவுக்குத்தான் பலம். கோபத்தில் எழுதும் மனுக்களில் பெற்றோரின் ஏழ்மை பக்கம் பக்கமாக இருக்கும். வீட்டு முகவரி ஒரு வரியில் முடிந்துவிடும். அதிகாரி முடிவுசெய்ய வேண்டியதோ அந்த ஒரு வரியைத்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருவண்ணாமலை மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வேலைக்காகச் சென்னை அம்பத்தூருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தகப்பனார் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். ரேஷன் கார்டு இன்னும் ஊர் முகவரியில் இருக்கிறது. ஆதாரில் முகவரி மாற்றியாகிவிட்டது. ஆனால் அதில் வீட்டின் பழைய கதவு எண் இருக்கிறது, வாடகை ஒப்பந்தத்தில் புதிய எண் இருக்கிறது. மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. எல்.கே.ஜி. சேர்க்கைக்கு விண்ணப்பித்தபோது, ‘முகவரி ஒத்துப்போகவில்லை, ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பதாகத் தெரியவில்லை’ என்று பள்ளி சொல்லிவிடுகிறது.

வாய்வழி மறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு முறையிடுவது கடினம். மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி பள்ளியிடம் கேட்க வேண்டும். தர மறுத்தால், என்றைக்கு யாரைச் சந்தித்தோம், என்ன காரணம் சொன்னார்கள் என்று பெற்றோரே ஒரு கடிதம் எழுதி விரைவுத் தபாலில் பள்ளிக்கு அனுப்பலாம். அதை ஒப்படைத்ததற்கான சான்றும் கடித நகலும் மனுவுக்கு அடித்தளம். இணையத்தில் விண்ணப்பித்திருந்தால் விண்ணப்ப எண்ணும் திரையில் வந்த நிராகரிப்புக் குறிப்பின் அச்சுப் படியும் வேண்டும்.

அடுத்து, முரண்பாட்டைத் தீர்க்கும் ஆதாரம். பழைய எண், புதிய எண் குழப்பம் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. இரண்டு எண்ணும் ஒரே வீட்டைத்தான் குறிக்கின்றன என்பதற்கு வீட்டுக்காரரின் சொத்துவரி ரசீது உதவலாம்; இரண்டு எண்ணும் அதில் இருந்தால் சச்சரவு அங்கேயே முடிந்துவிடும். ரசீதின் நகலோடு, ‘இவர்கள் என் வீட்டில் இன்ன தேதியிலிருந்து குடியிருக்கிறார்கள்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தந்தால் மின்கட்டண ரசீதும் பயன்படத் தொடங்கும். வருவாய்த் துறையின் இருப்பிடச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துத் தரும் அறிக்கையின் பேரில் வருவதால் அதிகாரியிடம் அதற்கு மதிப்பு அதிகம். சமையல் எரிவாயு இணைப்புப் புத்தகம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றில் புது முகவரி இருந்தால் அவற்றையும் சேர்க்கலாம். எத்தனை தாள்கள் என்பதைவிட எல்லாத் தாள்களும் ஒரே முகவரியைச் சொல்கின்றனவா என்பதே முக்கியம். ஊர் முகவரியில் உள்ள ரேஷன் கார்டை மறைக்க வேண்டாம். பிழைப்புக்காக இடம்பெயர்ந்ததால் இன்னும் மாற்றவில்லை என்று ஒரு வாக்கியத்தில் மனுவிலேயே சொல்லிவிட்டால், பிறகு அது எதிர்த் தரப்பின் ஆயுதமாகாது.

தூரத்தையும் காட்ட வேண்டும். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாயில்வரை எந்தத் தெரு வழியாக, எத்தனை மீட்டர் என்று எழுதி, வரைபட அச்சை இணைக்கலாம். 600 மீட்டர் என்றால் பேச்சுக்கே இடமில்லை. 950 மீட்டர், 1,050 மீட்டர் என்று எல்லையில் நிற்கும்போதுதான் எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்ற கேள்வி எழும். பள்ளி எப்படி அளந்தது என்று மனுவிலேயே கேட்பது நல்லது.

போலி வாடகை ஒப்பந்தம் தயாரித்துச் சேர்த்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது தப்பு. நேரில் வந்து விசாரித்தால் ஒரே நாளில் வெளிப்பட்டுவிடும்; சேர்க்கையும் பறிபோகும், உண்மையிலேயே அந்தத் தெருவில் குடியிருக்கும் மற்றொரு ஏழைப் பிள்ளையின் இடமும் வீணாகும்.

மனு போக வேண்டிய இடம் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). ஒரு நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்பலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுத்தால், மனு எண் கிடைக்கும். பின்னால் விசாரிக்க அந்த எண் உதவும். அம்பத்தூர்க் குடும்பத்தின் மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், பள்ளி சொன்ன காரணம், அந்தக் காரணம் ஏன் சரியில்லை என்பதற்கான ஆதாரம், தூரம், கடைசியில் கோரிக்கை: ‘நிராகரிப்பை ரத்துசெய்து என் குழந்தையைத் தகுதியானவராகச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட வேண்டும், முடிவு வரும்வரை ஓர் இடத்தை நிரப்பாமல் வைக்கும்படி பள்ளிக்கு அறிவுறுத்த வேண்டும்.’

இந்த இரண்டாவது கோரிக்கையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, எழுத்துமூலமான புகாரை உள்ளாட்சி அதிகார அமைப்பு இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பள்ளி திறந்து மூன்று மாதம் கழித்து ‘நீங்கள் சொன்னது சரி’ என்று பதில் வந்தாலும் இடம் நிரம்பியிருக்கும். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாக இருந்தால் குலுக்கல் நடக்கும் என்பதால், நிராகரிப்பு நீங்கினாலும் இடம் உறுதியாவதில்லை. குலுக்கலுக்கு முன்பே மனு போய்ச்சேர வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

முதல் முடிவு பாதகமாக வந்தால் அதே பிரிவின்படி மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் அப்பால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு இருக்கிறது. வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். ஆணையமும் நீதிமன்றமும் பார்ப்பது முதல் மனுவில் இணைத்த அதே தாள்களைத்தான். எனவே மனுவின் ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.