ஊசியா, மருந்தா, எது முதலில்?

பாக்டீரியா மூளைக்காய்ச்சல் என்றால் காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் மூன்றும் சேர்ந்தே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நெதர்லாந்தில் 696 நோய் நிகழ்வுகளின் போக்கை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். அந்த மூன்றும் ஒன்றாக இருந்தது 44 சதவீதத்தினரிடம் மட்டுமே. ஆனால் கடும் தலைவலியையும் சேர்த்து நான்காக எண்ணினால், அவற்றில் இரண்டாவது 95 சதவீதத்தினரிடம் இருந்தன. அதனால் காய்ச்சலோடு வந்தவர் தலைவலி என்று சொல்லி, பேச்சிலும் கொஞ்சம் தடுமாறினால், கழுத்து வளைகிறதே என்று அனுப்பிவிடக் கூடாது.

விளக்கத்துக்காக ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 58, சர்க்கரை நோய் உண்டு. ஒரு வாரமாகக் காதில் சீழ். முந்தின இரவு குளிர்காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி. காலையில் மனைவியிடம் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். பத்து மணிக்கு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். முகவாயை நெஞ்சில் தொடச் சொன்னால் முடியவில்லை.

நோயை உறுதிசெய்ய முதுகில் ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆனால் மூளைக்குள் சீழ்க்கட்டியோ பெரும் வீக்கமோ இருந்தால், கீழே நீரை எடுக்கும்போது மூளை கீழ்நோக்கி இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் புதிதாக வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், கண்ணின் உள்நரம்பில் வீக்கம், ஆழ்ந்த மயக்கம், எதிர்ப்புச்சக்தி மிகக் குறைந்த நிலை இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு நேராக ஊசி போடலாம். நம் நோயாளியைப் போல வெறும் குழப்பம் மட்டும் இருப்பவருக்கு என்ன செய்வது என்பதில் வழிகாட்டுதல்கள் வேறுபடுகின்றன. உணர்வு மங்கியது என்பதற்காக மட்டும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று ஸ்வீடன் 2009இல் தன் விதியை மாற்றியது. அதன் பிறகு அங்கே சிகிச்சை முன்னதாகத் தொடங்கியது, பலனும் மேம்பட்டது.

நம் மருத்துவர் ஸ்கேன் வேண்டும் என்று முடிவு செய்கிறார். அங்கோ இரண்டு மணி நேரக் காத்திருப்பு. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்கேன் வரட்டும், ஊசி போடட்டும், பிறகு மருந்து என்று காத்திருந்தால் மதியம் ஆகிவிடும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் மருந்து ஏற வேண்டும். ஆகவே பத்தரைக்குள் ரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட்டு, டெக்ஸாமெதசோன் 10 மில்லிகிராம் நரம்பில் போடுகிறார்கள். இறந்த கிருமிகள் கிளப்பும் அழற்சியை அது அடக்கும். ஆன்டிபயாட்டிக்குக்கு முன்போ அதோடு சேர்த்தோ கொடுத்தால்தான் பயன். கூடவே செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், எதிர்ப்புள்ள நிமோகாக்கஸ் கிருமிக்காக வான்கோமைசின், ஐம்பது தாண்டியவர் என்பதால் லிஸ்டீரியா கிருமிக்காக ஆம்பிசிலின். எந்தக் கிருமி என்று தெரியாதபோது, இருக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் இது.

முதலில் மருந்து கொடுத்தால் சோதனை கெட்டுப்போகாதா? ஓரளவு கெடும். மெனிங்கோகாக்கஸ் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே நீரிலிருந்து மறையலாம், நிமோகாக்கஸ் நான்கு மணி நேரத்திலிருந்து மறையத் தொடங்கும். ஆனால் வெள்ளணுக்களும் குறைந்த குளுக்கோஸும் அவ்வளவு சீக்கிரம் சீராகிவிடாது. கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனையும் ரத்த வளர்ப்பும் இருக்கின்றன. இழப்பு தாங்கக்கூடியதே. மருந்துக்கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வருபவர்களிடமும் இதே குழப்பம் உண்டு, அதை மறைக்காமல் சொல்வது நல்லது.

பன்னிரண்டே காலுக்கு, ஸ்கேனில் கட்டியோ வீக்கமோ இல்லை என்று தெரிந்ததும் ஊசி. "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே டாக்டர்" என்று மனைவி தயங்குகிறார். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே போகிறது என்று விளக்கியதும் கையெழுத்திடுகிறார். நீர் கலங்கலாக வருகிறது. வெள்ளணுக்கள் 2,400, பெரும்பாலும் நியூட்ரோபில். ரத்தத்தில் சர்க்கரை 180 இருக்க, நீரில் 30தான். இரண்டின் விகிதம் 0.4க்குக் கீழே போனாலே சந்தேகம் வலுக்கும். லிம்போசைட்டுகள் மிகுந்து, நோயும் வாரக்கணக்கில் மெதுவாக வந்திருந்தால் காசநோயை நினைக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் ரத்தத்தில் நிமோகாக்கஸ் வளர்கிறது. உடனே ஆம்பிசிலினை நிறுத்துகிறார்கள். செஃப்ட்ரியாக்சோனுக்கு அது அடங்கும் என்று தெரிந்ததும் வான்கோமைசினையும் நிறுத்துகிறார்கள். டெக்ஸாமெதசோன் நான்கு நாள் தொடர்கிறது, செஃப்ட்ரியாக்சோன் 10 முதல் 14 நாள். தொற்றுக்கு வழிவிட்ட காதையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் கேட்கும் திறனையும் சோதிக்கிறார்கள், ஏனெனில் இந்தக் கிருமி உள்காதைச் சேதப்படுத்தினால் அது எலும்பாக இறுகிவிடலாம். காக்ளியர் கருவி பொருத்துவதற்கு அவகாசம் குறைவு.