தொகையிலிருந்து தொடங்குங்கள்

மருத்துவமனைச் செலவைக் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் திரும்பக் கேட்பவர்கள் கடிதத்தைச் சரிபார்க்கும்போது பெரும்பாலும் இணைப்புப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். பில் இருக்கிறதா, டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா என்று டிக் அடித்து உறையை ஒட்டிவிடுகிறார்கள். தொகையில் தொடங்குவதே நல்லது என்பேன். கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். அந்தத் தாளில் ஒரு தேதி இருக்கும். தொகையைப் பிரித்துப் பார்த்தால் விடுபட்ட தாளும் முரண்பட்ட தேதியும் தாமே அகப்படும்.

உதாரணத்துக்கு ஒரு கடிதம்: 'மார்ச் 3 முதல் 6 வரை குடல்வால் அறுவைச் சிகிச்சை. செலவு ரூ. 92,800. ஆவன செய்யவும்.' கேட்கும் தொகையே 92,800தானா என்பதுகூட இதில் தெளிவாக இல்லை. இணைப்புகளைப் பிரித்தால் மருத்துவமனையின் இறுதி பில் 64,000, முன்பணம் கட்டிய ரசீது 20,000, வெளியே எடுத்த ஸ்கேன் 5,600, பிறகு வாங்கிய மருந்து 3,200. கூட்டல் சரி, கணக்கு தவறு. முன்பணம் இறுதி பில்லுக்குள்ளேயே அடங்கியது; அதன் ரசீது பணம் கட்டியதற்குச் சாட்சியே தவிர, தனிச் செலவு அல்ல. கேட்க வேண்டியது 72,800. பதற்றத்தில் இருமுறை கூட்டியதா, வேண்டுமென்றே கூட்டியதா என்பது கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது. மருந்து பில்லுடன் மருத்துவரின் சீட்டு இல்லை. மருந்து வாங்கியதை பில் காட்டும், இந்த நோய்க்காக வாங்கியதைச் சீட்டுதான் காட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோ சேர்க்கை மார்ச் 2 இரவு 11.40 என்கிறது. அவசரப் பிரிவுக்கு வந்தது இரவில், அறை கொடுத்தது நள்ளிரவுக்குப் பின் என்றால் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் பல பாலிசிகளில் சேர்க்கைக்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள் என்று செலவுக்கு வரம்பு உண்டு. அந்த நாட்களை எண்ணத் தொடங்கும் புள்ளிகள் இந்தத் தேதிகளே.

குறை இருந்தால் நிறுவனமே கேட்குமே, நமக்கேன் இந்த வேலை என்பார்கள். கேட்கும், உண்மைதான். விடுபட்ட சீட்டைப் பிறகு அனுப்பினால் தாமதம் மட்டுமே. தேதி அப்படியல்ல, கேள்வி வந்தபின் திருத்திய தாள், கேள்விக்காகத் தயாரித்ததுபோலத் தோன்றும். அதனால் முதலிலேயே மருத்துவமனையிடம் முத்திரையோடு ஒரு விளக்கக் கடிதம் வாங்குவது மேல். பேனாவால் நாமே தேதியைத் திருத்துவது, நல்ல எண்ணத்தில் செய்தாலும், ஆவணத்தைக் கெடுப்பதுதான். அதிகமாகக் கேட்டால் வெட்டியது போக ஏதாவது கிடைக்கும் என்ற வாதமும் நிற்காது. ரூ. 72,800 என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதி, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று காட்டியிருந்தால், பிடித்தம் எங்கே விழுந்தது என்று கேட்க முடியும். மொத்தமாகக் கேட்டவரால் எதை வெட்டினார்கள் என்றே கண்டுபிடிக்க முடியாது. ஓய்வெடுக்க வேண்டிய நோயாளி தலையில் இந்த வேலை விழுவது நியாயமில்லைதான். சேர்க்கை நேரத்தை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி பதிவது மருத்துவமனையின் பொறுப்பு. ஆனாலும் பில்லிங் கவுன்டரை விட்டு நகரும் முன்பே பில்லிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் உள்ள சேர்க்கைத் தேதிகளை ஒப்பிட்டுத் திருத்தம் கேட்டால், அங்கேயே முடிந்துவிடும்.