ஐம்பொன் காப்பா, பித்தளைக் காப்பா?

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு கடையில் “இது அசல் ஐம்பொன்” என்று சொல்லி, மஞ்சள் நிறக் காப்பொன்றை உங்கள் கையில் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கவேண்டும்?

பஞ்சலோகம் எனப்படும் ஐம்பொன்னில் பொன், வெள்ளி, செம்பு ஆகிய மூன்றும் பெரும்பாலும் சொல்லப்படும். மற்ற இரண்டும் துத்தநாகம், வெள்ளீயம், காரீயம், இரும்பு என்று ஆளுக்கு ஆள் மாறும். செம்பும் துத்தநாகமும் மட்டும் சேர்ந்தால் அது பித்தளை. ஐம்பொன்னின் அளவுக்கு ஒரே விதி கிடையாது. தென்னிந்தியாவின் பழைய உலோகச் சிலைகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை காரீயம் கலந்த வெண்கலமாகவே இருந்தன. பொன்னும் வெள்ளியும் மிகச் சொற்பமே.

இங்கேதான் சிக்கல். காப்பின் எடை 20 கிராம் என்போம். பித்தளையோடு நூற்றுக்கு 1 பங்கு பொன்னும் 1 பங்கு வெள்ளியும் சேர்ந்திருந்தால், உள்ளே இருப்பது 0.2 கிராம் பொன், அதாவது ஒரு பவுணில் நாற்பதில் ஒரு பங்கு. நீரில் அமிழ்த்திப் பார்த்தாலும், அதே எடையுள்ள பித்தளைக் காப்புக்கும் இதற்கும் வெளியேறும் நீரில் உள்ள வேறுபாடு ஒரு துளியில் பாதிகூட வராது. நிறமும் பாரமும் காந்தமும் இதைப் பிரித்துக் காட்டமாட்டா. இரண்டிலும் செம்பு இருப்பதால், தோலில் பச்சை படிவதும் சான்றாகாது.

உரைகல்லில் உரைத்து நைத்திரிக் அமிலத் துளி விட்டால் பித்தளைக் கோடு அழிந்துவிடும். ஆனால் பொன் குறைந்த ஐம்பொன்னின் கோடும் அழிந்துவிடும். கோடு நின்றால் பொன் அதிகம், அல்லது மேலே முலாம். எனவே காப்பின் உட்புறத்தைச் சற்று அராவி, அந்த இடத்தில் உரைக்கச் சொல்லுங்கள்.

தீர்ப்புச் சொல்லும் சோதனை வேறு. அராவிய தூளை நைத்திரிக் அமிலத்தில் கரைத்தால், பித்தளை முழுதும் கரைந்து பச்சை நீல நீராகும். பொன் இருந்தால் கபிலநிறப் பொடியாக அடியில் தங்கும். வெள்ளீயம் இருந்தால் வெள்ளை வண்டலாகப் படியும். வடித்த தெளிவில் உப்புநீர் விட, வெள்ளை மூட்டமாகத் திரள்வது வெள்ளி. காரீயமும் அப்படித் திரளும். ஆனால் சூடாக்கினால் அது கரைந்துவிடும். இதில் எழும் புகை நச்சு. வீட்டில் செய்யவே கூடாது.

எக்ஸ் கதிர்க் கருவி நகையைக் கெடுக்காமல் விகிதத்தைச் சொல்லும். அதுவும் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். ஆகவே அராவிய இடத்தையே காட்டுங்கள். காரீயம் எவ்வளவு என்றும் கேளுங்கள், குழந்தைகள் காப்பை வாயில் வைப்பார்கள் அல்லவா!

வாங்கும்போது பொன் எத்தனை சதவீதம் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், பித்தளைக்குரிய விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.