பெரிய ஊர் திருச்செங்கோடு, தலைநகர் நாமக்கல்

திருச்செங்கோட்டு டீக்கடையில் "உங்க மாவட்டத்துல பெரிய ஊர் எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே தப்பு என்பதுபோல ஒரு பார்வை வரும். "நம்மூருதானுங்க. ஆனா கலெக்டரு நாமக்கல்லுல இருக்காருங்க."

2011 கணக்கெடுப்பும் அவர்கள் பக்கம்தான். திருச்செங்கோட்டில் 95 ஆயிரம் பேர், குமாரபாளையத்தில் 71 ஆயிரம் பேர். மாவட்டத் தலைநகரான நாமக்கல் நகராட்சியில் 55 ஆயிரம்தான். சேலம் மாவட்டத்தைப் பிரித்து 1997 ஜனவரி 1 முதல் புது மாவட்டம் இயங்கத் தொடங்கியபோது, கலெக்டர் அலுவலகம் பெரிய ஊருக்குப் போகவில்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 33-இன் தலைநகரம் அங்கே மிகப் பெரிய நகரம் இல்லை என்று படித்து வியப்பவர்களுக்கு, அதே கதை நம் மாவட்ட வரைபடத்திலேயே இருக்கிறது.

அந்த வரைபடத்தை விரித்தால் மேற்கு ஓரத்தில் காவிரி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் குமாரபாளையம், அந்தப் பக்கம் பவானி. இந்தப் பக்கம் பள்ளிபாளையம், பாலம் தாண்டினால் ஈரோடு. விசைத்தறிகளும் சாயப்பட்டறைகளும் வளர்ந்தது இந்த ஓரத்தில்தான். நூல் வாங்கவும் துணி விற்கவும் ஈரோட்டுச் சந்தை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆற்றில் தண்ணீரும் இருந்தது. திருச்செங்கோடும் அந்த மேற்குப் பகுதி ஊர்தான். சரக்கு எங்கே கைமாறுகிறதோ அங்கே ஊர் பெரிதாகும். அது பெரும்பாலும் ஓரமாகத்தான் இருக்கும், ஆற்றங்கரையிலோ துறைமுகத்திலோ எல்லையிலோ.

இப்போது கிழக்கே பாருங்கள், கொல்லிமலை. செம்மேட்டிலிருந்து சாதிச் சான்றிதழ் மேல்முறையீட்டுக்குக் கிளம்புகிறவர் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். பிறகு சேந்தமங்கலம், பிறகு நாமக்கல். அதற்கே அரைநாள் போய்விடுகிறது. கலெக்டர் திருச்செங்கோட்டில் இருந்தால் இன்னும் 35 கிலோமீட்டர் போக வேண்டும். மனுவைக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து மலையேற முடியாது. தறிக்காரருக்கு நூல் தினமும் வேண்டும், கலெக்டர் கையெழுத்து வருஷத்துக்கு ஒருமுறை போதும். ஆகவே சந்தை ஓரத்தில் இருக்கலாம். அலுவலகம் மட்டும், கடைசி ஊர்க்காரனும் ஒரே நாளில் வந்து திரும்புகிற இடத்தில் இருந்தாக வேண்டும். சேலத்துக்கும் கரூருக்கும் நடுவே நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருந்த நாமக்கல்லுக்கு அந்தத் தகுதி இருந்தது.

இந்தக் கணக்கில் நஷ்டப்பட்டவர் குமாரபாளையத்துக்காரர். பாலம் தாண்டினால் பவானி, பக்கத்திலேயே ஈரோடு. அவருடைய கலெக்டரைப் பார்க்க மட்டும் எதிர்த்திசையில் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். மாவட்டத்தின் நடு என்பது ஆளில்லா நிலத்தையும் சேர்த்து அளந்த நடு. ஜனம் எங்கே நெருக்கமோ அங்கிருந்து அது தள்ளித்தான் விழுகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் இதே வாதம்தான் ஓடியது. பெரிய நகரம் பிலடெல்பியா, தென்கிழக்கு மூலையில், டெலாவேர் ஆற்றங்கரையில் இருந்தது. குடியேற்றம் மேற்கே பரவப் பரவ, உள்நாட்டு விவசாயிகளின் பிரதிநிதிகள் இவ்வளவு தூரம் வர முடியாது என்றார்கள். 1799-இல் தலைநகரம் லங்காஸ்டருக்குப் போனது, 1812-இல் இன்னும் மேற்கே ஹாரிஸ்பர்க்குக்கு. லங்காஸ்டரோடு நிற்காமல் இரண்டாம் முறையும் மூட்டை கட்டியதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

தூரம் மட்டுமே காரணம் என்று சொன்னால் பக்கத்து மாநிலம் சிரிக்கும். 1953-இல் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்த ஆந்திரா, கடற்கரை மாவட்டங்களின் பெரிய ஊர்களான விஜயவாடாவையும் விசாகப்பட்டினத்தையும் விட்டுவிட்டுக் கர்னூலைத் தலைநகராக்கியது. கர்னூல் நடுவிலும் இல்லை. கடற்கரை மாவட்டங்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்ற ராயலசீமைக்காரர்களின் பயத்தைத் தணிக்க 1937-இல் ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்கு அது. தலைநகரம் ஒருவருக்கு என்றால் உயர் நீதிமன்றம் மற்றவருக்கு. அது குண்டூருக்குப் போனது. பெரிய ஊருக்கு ஏற்கெனவே பணம் இருக்கிறது, பதவியையும் அதற்கே கொடுக்க மற்ற ஊர்களுக்கு மனம் வருவதில்லை.

நாமக்கல் இப்போது 55 ஆயிரத்தில் நிற்கவில்லை. அலுவலகம் வந்த ஊருக்கு வக்கீல்கள், ஸ்டாம்பு வெண்டர்கள், ஜெராக்ஸ் கடைகள், மெஸ்கள் எல்லாம் வந்துசேரும். நகராட்சி எல்லை சுற்றுக் கிராமங்களை இழுத்துக்கொண்டது. 2024-இல் ஊர் மாநகராட்சியே ஆகிவிட்டது. எது பெரிய ஊர் என்பதில் எல்லைக்கோடு போடுகிறவருக்கும் பங்கு உண்டு என்பதைத் திருச்செங்கோட்டுக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள்.

அவர்கள் அதற்காகப் பெரிதாக வருந்துவதாகவும் தெரியவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளில் டிஎன் 34 என்ற திருச்செங்கோட்டுப் பதிவெண்ணை வடநாட்டு வயல்களில்கூடப் பார்க்கலாம். கலெக்டர் அலுவலகம் நாமக்கல்லில் எந்தச் சாலையில் இருக்கிறது தெரியுமா? திருச்செங்கோடு சாலையில்.